சாளையா மத்தியா: வியூஸ் எந்த வழியா வருதுன்னு பாத்து டைட்டில் திருத்தின அனுபவம்

எங்க வீடு தக்கலைக்குப் பக்கத்துல. பெரியம்மை சமைப்பாவ, நான் போன்ல எடுத்து எடிட் பண்ணி யூடியூப்ல ஏத்துவேன், இதுதான் எங்க சேனல். மீன், கிழங்கு, தீயல், உளுந்தங்கஞ்சி, எங்க பக்கத்து சமையல் மட்டும்தான் போடுறோம். போன வருஷம் ஒரு வீடியோவுல நான் தெரியாம பண்ண தப்பு, அதுக்கப்புறம் உக்காந்து நம்பரைப் படிச்சு கத்துக்கிட்டது, ரெண்டையும் இங்க எழுதுறேன், ஏன்னா சின்ன சேனல் வச்சிருக்கற நிறைய பேரு நான் பண்ண அதே தப்பத்தான் பண்றாங்கன்னு பேசும்போது தெரியுது.

வீடியோ சாளை புளிமுளம். தேங்காய் அரைச்சு ஊத்தி மண்சட்டில வைக்கிற மீன் கறி, 9 நிமிஷ வீடியோ. டைட்டில் நான் வச்சது இப்படி:

"குமரி ஸ்பெஷல் | பெரியம்மை கைப்பக்குவத்தில் சாளை புளிமுளம்"

ஏத்தின முதல் 3 நாள்ல 800 வியூஸ் தாண்டிடுச்சு, எங்க சேனலுக்கு அது பெரிய விஷயம், நானும் சந்தோஷமா எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். அப்புறம் பாத்தா ஒரு நாளைக்கு 20, 15ன்னு இறங்கிடுச்சு. நான் உடனே என்ன பண்ணேன்னா டேக்ஸ் பூராவும் மாத்தினேன், 500 கேரக்டர் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் நிரப்பினேன், டிஸ்கிரிப்ஷன் அடியில ஹேஷ்டேக் வரிசையா போட்டேன், ஒரு வாரம் கழிச்சு தம்ப்நெயிலையும் மாத்தினேன். ஒண்ணும் நடக்கல. எந்த நோய்க்கு மருந்து குடுக்கறோம்னே பாக்காம குடுத்தேன், அதான் விஷயம். (டேக்ஸ் பத்தி யூடியூப் ஹெல்ப் பக்கத்துலயே தெளிவா போட்டிருக்கு, வீடியோவைக் கண்டுபிடிக்கறதுல அதுக்குப் பங்கு ரொம்பக் கொஞ்சம், மக்கள் அடிக்கடி தப்பா டைப் பண்ற பேரா இருந்தா உதவும், அவ்வளவுதான்னு. அதைப் படிக்காம ரெண்டு சாயங்காலம் போச்சு எனக்கு.)

3 மாசம் கழிச்சு ஒரு நாள் பொறுமையா உக்காந்தேன். போன் ஆப்ல கொஞ்சம்தான் காட்டும், அதனால லேப்டாப்ல யூடியூப் ஸ்டூடியோ தெறந்து, அந்த வீடியோவோட அனலிட்டிக்ஸ் போயி, அட்வான்ஸ்ட் மோட்ல டிராஃபிக் சோர்ஸ்னு இருக்கறத எடுத்தேன். தேதிய வீடியோ ஏத்தின நாள்ல இருந்து 90 நாள்னு வச்சேன். அங்க ஒவ்வொரு வரியிலயும் எந்த வழியா வந்தாங்க, எத்தனை வியூஸ், எத்தனை இம்ப்ரெஷன், அதாவது எத்தனை தடவை தம்ப்நெயில் கண்ணுல பட்டுச்சு, அதுல எத்தனை சதவீதம் கிளிக் ஆச்சு, சராசரியா எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னு எல்லாம் இருக்கும். மொத்தம் 2,140 வியூஸ். அதுல எக்ஸ்டர்னல், அதாவது யூடியூப்புக்கு வெளிய இருந்து லிங்க் வழியா வந்தது 985. யூடியூப் சர்ச் 449. பிரௌஸ்னு சொல்ற ஹோம் பக்கம் வழியா 300. சஜஸ்டட் வீடியோஸ் 193. மிச்சம் சேனல் பக்கம், பிளேலிஸ்ட், டைரக்ட்னு உதிரி.

பாதிக்குக் கொஞ்சம் கம்மி வெளிய இருந்து வந்திருக்கு. அந்த எக்ஸ்டர்னல்ங்கற வார்த்தைய கிளிக் பண்ணா உள்ள எந்த ஆப், எந்த சைட்டுன்னு பிரிச்சுக் காட்டும். முக்கால்வாசிக்கு மேல வாட்ஸாப். இது யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும், குடும்ப குரூப்பு, சர்ச் குரூப்பு, துபாய்லயும் மஸ்கட்லயும் இருக்கற அண்ணன்மாரு. முதல் 3 நாள் 800 வந்ததுக்குக் காரணம் அவங்கதான். அவங்க ஷேர் பண்றது நின்ன உடனே வியூஸும் நின்னுச்சு. அதாவது வீடியோ "விழல", யூடியூப் அத இன்னும் யாருக்கும் பெருசா காட்டவே ஆரம்பிக்கல, நான் சொந்தக்காரங்க வந்துட்டுப் போன கூட்டத்தப் பாத்து கடை ஓடுதுன்னு நெனச்சிருக்கேன்.

இன்னொரு விஷயம் அதே பக்கத்துல இருந்துச்சு. மொத்த வீடியோவுக்கு சராசரி பார்வை நேரம் 2 நிமிஷம் 9 செகண்ட். 9 நிமிஷ வீடியோவுக்கு இது ரொம்பக் கம்மின்னு நான் மனசு உடைஞ்சு, அடுத்த வீடியோவ எல்லாம் 4 நிமிஷத்துக்குள்ள வெட்டலாம்னு முடிவே பண்ணிட்டேன். ஆனா வரி வரியா பாத்தா, எக்ஸ்டர்னல்ல வந்தவங்க 1 நிமிஷம் 5 செகண்ட்தான் பாத்திருக்காங்க, சர்ச்ல வந்தவங்க 4 நிமிஷம் 10 செகண்ட் பாத்திருக்காங்க. நாலு மடங்கு கிட்ட வித்தியாசம். வாட்ஸாப்ல லிங்க் பாத்து "ஆ, நம்ம பெரியம்மை"ன்னு தெறந்து பாத்துட்டு போயிருக்காங்க, அவங்களுக்கு சமைக்கணும்னு ஒண்ணும் இல்ல. சமைக்கணும்னு தேடி வந்தவங்க உக்காந்து பாத்திருக்காங்க. ரெண்டையும் ஒரே பானையில போட்டுக் கலக்கி ஒரு சராசரி எடுத்தா அது யாரோட நிலைமையும் இல்ல. அதுக்கப்புறம் மொத்த சராசரிய நான் பாக்கறதையே விட்டுட்டேன்.

எக்ஸ்டர்னல் வரிக்கு இம்ப்ரெஷன் காலம் காலியா இருக்கும், அதையும் கவனிக்கணும். இம்ப்ரெஷன்னு கணக்குல வர்றது யூடியூப்புக்குள்ள நம்ம தம்ப்நெயில் குறைஞ்சது பாதியாவது, ஒரு செகண்டுக்கு மேல, ஒருத்தர் கண்ணுல பட்டா மட்டும்தான். வாட்ஸாப் பிரிவியூல வர்ற படம் அதுல சேராது. அதனால வெளி லிங்க்ல வர்ற கூட்டத்த வச்சு தம்ப்நெயில் நல்லாருக்கா இல்லையான்னு ஒண்ணும் சொல்ல முடியாது, அந்தக் கூட்டத்துக்காக டைட்டில் வார்த்தைய மாத்தறதுலயும் பெருசா பலன் இல்ல. வாட்ஸாப் பிரிவியூல டைட்டிலோட ஆரம்பம்தான் தெரியும், முக்கியமான வார்த்தை முன்னாடி இருந்தாப் போதும். எக்ஸ்டர்னல் உள்ள கூகுள் சர்ச்னு ஒரு வரி இருந்தா அது வேற கதை, அது தேடி வர்ற ஆளு, அத சர்ச் கணக்குல சேத்துப் பாக்கணும். எனக்கு அதுல 40 சொச்சம்தான் இருந்துச்சு.

இப்ப சர்ச் வரி. இங்கதான் எனக்கு விஷயமே புரிஞ்சது. சர்ச் இம்ப்ரெஷன் 90 நாள்ல 3,900. கிளிக் 11 சதவீதம். பாதி சேனலுக்கும் வீடியோவுக்கும் இந்த கிளிக் சதவீதம் 2ல இருந்து 10க்குள்ள இருக்கும்னு யூடியூப்பே சொல்லுது, அதுல நம்மது 11. அப்படின்னா கண்ணுல பட்டவங்க கிளிக் பண்றாங்க, கிளிக் பண்ணவங்க 4 நிமிஷம் பாக்கறாங்க. தம்ப்நெயில்ல குறை இல்ல, வீடியோவுலயும் குறை இல்ல. குறை என்னன்னா கண்ணுல படறதே கம்மி. 90 நாளைக்கு 3,900ன்னா ஒரு நாளைக்கு 43 தடவைதான் காட்டியிருக்கு. நான் அதுவரைக்கும் தம்ப்நெயிலப் போட்டு மாத்திட்டு இருந்தேன், குறையே இல்லாத பொருள.

இத எல்லாரும் மனசுல வச்சுக்கணும்னு நெனைக்கிறேன். இம்ப்ரெஷன் கம்மி, கிளிக் சதவீதம் நல்லாருக்குன்னா வார்த்தைல குறை, சரியான சொல்லு டைட்டில்லயும் டிஸ்கிரிப்ஷன்லயும் இல்ல. இம்ப்ரெஷன் நிறைய, கிளிக் கம்மின்னா காட்டறாங்க, ஆனா பாக்கறவங்களுக்கு இது நமக்கு வேண்டியதுன்னு தோணல, அப்ப தம்ப்நெயிலயும் டைட்டில் சொல்ற விதத்தையும் பாக்கணும். ரெண்டும் நல்லாருந்து பார்வை நேரம் கம்மின்னா டைட்டில்ல சொன்னது ஒண்ணு, வீடியோவுல இருக்கறது ஒண்ணு, இல்லாட்டி ஆரம்பத்துல இழுத்தடிக்கறோம். ஆனா இதெல்லாம் சொல்ல நம்பர் கொஞ்சமாவது வேணும். 40 இம்ப்ரெஷன்ல 4 கிளிக்னா 10 சதவீதம், ரெண்டு பேரு கம்மியானா 5 சதவீதம், அத வச்சு ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. நான் ஆயிரம் இம்ப்ரெஷன் தாண்டாம எதையும் தொடறதில்ல.

சர்ச்ங்கற வரிய கிளிக் பண்ணா என்ன டைப் பண்ணி வந்தாங்கன்னு லிஸ்ட் வரும். எனக்கு வந்தது, அதே எழுத்துல:

```
chala puli mulam
புளிமுளம்
nagercoil meen kulambu
சாளை மீன் குழம்பு
puli mulam recipe in tamil
kanyakumari style fish curry
```

பாத்தா சந்தோஷமாத்தான் இருந்துச்சு, சரியான ஆளுங்கதான் வர்றாங்க. ஆனா கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தப்பதான் உறைச்சது, இந்த லிஸ்ட்ல இருக்கறவங்க எல்லாருமே எங்க ஊர்க்காரங்க. புளிமுளம்னு டைப் பண்றவரு ஏற்கனவே அத சாப்பிட்டவரு. இந்த லிஸ்ட் நாம எழுதின வார்த்தைக்கு யாரு வந்தாங்கன்னு மட்டும்தான் சொல்லும், நாம எழுதாத வார்த்தைக்கு யாரு வராமப் போனாங்கன்னு சொல்லாது. லிஸ்ட்ல இல்லாததத் தேடறதுதான் வேலையே. இன்னொண்ணு, ரொம்பக் கொஞ்சம் பேரு தேடின சொல்ல அது காட்டாது, கூட்டிப் பாத்தா மொத்தத்தோட ஒத்து வராது, அதுக்காகக் குழம்ப வேண்டாம்.

அந்த இல்லாத சொல்லு எனக்கு கமெண்ட்ல ஏற்கனவே வந்து கிடந்துச்சு. "இது மத்தி மீன் தானே அக்கா?"ன்னு 4 பேரு கேட்டிருந்தாங்க. நானும் ஆமான்னு பதில் போட்டுட்டு நகர்ந்திருக்கேன். எங்களுக்குத்தான் அது சாளை. நாகர்கோவில் தாண்டி வடக்க போகப் போக அது மத்தி. நெத்தோலிய அவங்க நெத்திலிம்பாங்க. மரச்சீனிய மரவள்ளிக்கிழங்கும்பாங்க, சில ஊர்ல குச்சிக்கிழங்கு. நாம பொறந்ததுல இருந்து பேசற சொல்லு ஒரு மாவட்டத்தோட நின்னுடும்ங்கறது, இந்த மாதிரி வேலை செஞ்சாத்தான் தெரியுது.

அப்புறம் பிரௌசர்ல இன்காக்னிட்டோ ஜன்னல் தெறந்து, என் ஹிஸ்டரி கலக்காம, யூடியூப் சர்ச் பெட்டில "சாளை மீன்"னு அடிச்சுப் பாத்தேன், கீழ வந்த பரிந்துரை ரெண்டு மூணுதான். "மத்தி மீன்"னு அடிச்சா குழம்பு, வறுவல், புட்டுன்னு நீளமா வந்துச்சு. "mathi meen"னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா இன்னும் நீளம். கூகுள் டிரெண்ட்ஸ்ல வெப் சர்ச்னு இருக்கறத யூடியூப் சர்ச்சுன்னு மாத்திக்கலாம், அதுல ரெண்டு சொல்லையும் பக்கத்துல பக்கத்துல போட்டு தமிழ்நாடுன்னு வச்சுப் பாத்தேன், மத்தி கோடு மேல, சாளை கோடு தரையோட. அது எண்ணிக்கை இல்ல, ஒண்ணுக்கொண்ணு எவ்வளவுன்னு மட்டும்தான், ஆனா எனக்கு அதுவே போதும்.

பெரியம்மை கிட்ட சொன்னேன், டைட்டில்ல மத்தின்னு போடப் போறேன்னு. அரிவாமனைல இருந்து நிமிந்து பாத்தாவ.

"லேய் மக்கா, சாளைய மத்தின்னு எழுதுனா ஊர்ல சிரிப்பாவளே. நான் வீடியோவுல சாளைன்னுதான சொல்லியிருக்கேன்."

"சாளைய எடுக்கல பெரியம்மை, ரெண்டும் இருக்கும்."

"புளிமுளத்த எடுத்துராத. குழம்புன்னா அது வேற."

அவ சொன்னது சரி, அத நான் அப்படியே எடுத்துக்கிட்டேன். புளிமுளத்துக்காக வர்றவங்கதான் 4 நிமிஷம் பாக்கறவங்க, அவங்கள விடக் கூடாது. டைட்டில் இப்படி மாத்தினேன்:

"மத்தி மீன் புளிமுளம் | நாகர்கோவில் சாளை மீன் குழம்பு"

குமரி ஸ்பெஷல், கைப்பக்குவம் ரெண்டும் போச்சு, யாரும் அத டைப் பண்ணித் தேடறதில்ல, அது முன்னாடி உக்காந்து இடத்த அடைச்சுட்டு இருந்துச்சு, போன்ல தேடறப்ப டைட்டிலோட பின்பாதி வெட்டுப்படும். டைட்டிலுக்கு 100 கேரக்டர் வரைக்கும் இடம் இருக்குன்னாலும் தமிழ்ல அது சீக்கிரம் தீரும், "மீ"ன்னு ஒரு எழுத்து எழுதினா "ம"வும் ஈகாரக் குறியுமா ரெண்டு கேரக்டர் போயிடும். டிஸ்கிரிப்ஷன்ல முதல் ரெண்டு வரிய திருத்தினேன், மனுஷன் பேசற மாதிரி வாக்கியமா: "எங்க ஊர்ல சாளைன்னு சொல்ற மத்தி மீன்ல தேங்காய் அரைச்சு ஊத்தின புளிமுளம், நாகர்கோவில் பக்கத்து மீன் குழம்பு. Mathi meen kulambu, Nagercoil style." அந்த இங்கிலீஷ் எழுத்து வரி ஏன்னா, தமிழ்ல பேசறவங்கள்ல நிறையப் பேரு டைப் பண்றது அப்படித்தான். அடியில இருந்த ஹேஷ்டேக் வரிசைய எடுத்துட்டு மூணு மட்டும் வச்சேன். வீடியோவுக்கு சாப்டர் போட்டேன், 0:00ல ஆரம்பிச்சு மீன் கழுவறது, அரப்பு, சட்டில கூட்டறது, கொதின்னு. சாப்டர் வேலை செய்ய முதல் நேரம் 0:00 ஆ இருக்கணும், குறைஞ்சது மூணு இருக்கணும், ஒவ்வொண்ணும் 10 செகண்டாவது இருக்கணும்.

தம்ப்நெயிலைத் தொடல. அது முக்கியம். 11 சதவீதம் குடுத்த படம் அது. நோட்டுல தேதி எழுதி, பழைய டைட்டில், பழைய முதல் ரெண்டு வரி அப்படியே காப்பி பண்ணி வச்சேன், ஸ்டூடியோவுல பழைய டைட்டில் என்னன்னு பாக்கற மாதிரி வசதி இல்ல, நாமதான் எழுதி வைக்கணும். அப்புறம் 28 நாள் கை வைக்கல. இம்ப்ரெஷன் கணக்கு வர ரெண்டு நாள் வரைக்கும் பிந்தும், அதுவும் போக தேடல்ல இடம் பிடிக்கறது ஒரு நாள்ல நடக்கறது இல்ல.

28 நாள் முடிஞ்சதும் முந்தின 28 நாளோட ஒப்பிட்டேன். சர்ச் இம்ப்ரெஷன் 1,100ல இருந்து 5,600. கிளிக் சதவீதம் 11ல இருந்து 7.5. சர்ச் வியூஸ் 120 சொச்சத்துல இருந்து 420. இந்த 7.5ஐப் பாத்ததும் முதல்ல எனக்கு பக்குன்னு ஆச்சு, கெடுத்துட்டமோன்னு. ஆனா யோசிச்சா அது அப்படித்தான் இருக்கும், முன்னாடி புளிமுளம்னு தேடின ஊர்க்காரருக்கு நம்ம வீடியோ தவிர வேற அதிகம் இல்ல, இப்ப மத்தி மீன் குழம்புன்னு தேடறவருக்கு முன்னாடி நூறு வீடியோ, அதுல ஒண்ணா நாம நிக்கறோம். இம்ப்ரெஷன் ஏறி சதவீதம் கொஞ்சம் இறங்கினா அது நஷ்டம் இல்ல, இம்ப்ரெஷன் அப்படியே நின்னு சதவீதம் மட்டும் இறங்கினாத்தான் யோசிக்கணும். பார்வை நேரம் 4:10ல இருந்து 3:40 ஆச்சு, அதுவும் பரவால்ல.

லிஸ்ட்ல "mathi meen kulambu" மேல வந்துடுச்சு, ஆனா கூடவே "mathi fish fry"ன்னு ஒண்ணும் அஞ்சாவது இடத்துல. அதுல வந்தவங்க பார்வை நேரம் 25 செகண்ட். எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினா டிஸ்கிரிப்ஷன் கடைசில "இதே மத்தி மீன்ல வறுவல், ஃப்ரை, புட்டு எல்லாம் செய்யலாம்"னு டைட்டில் மாத்தினப்ப நானே சேத்து எழுதியிருக்கேன். வறுவல் தேடி வந்தவருக்கு குழம்பு காட்டினா அவரு போயிடுவாரு, அவரு போறது யூடியூப்புக்கும் தெரியும். அந்த வரிய எடுத்தேன், அடுத்த மாசம் அந்த சொல்லு கீழ போயிடுச்சு. வார்த்தை நிறையப் போட்டா நிறையப் பேரு வருவாங்கன்னு நாம நெனைக்கிறோம், வர்றாங்க, தப்பான ஆளு.

இந்த வெற்றில எனக்கு கை நமநமன்னு இருந்துச்சு. அடுத்து மரச்சீனி வீடியோ. இதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு.

"மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் | கப்பை மீன் கறி"ன்னு டைட்டில். அது எங்க சேனல்லயே நல்லா ஓடிட்டு இருந்த வீடியோ, ஒரு நாளைக்கு 140 வியூஸ் கிட்ட நிதானமா வந்துட்டு இருந்துச்சு. நான் சாளைல கத்த பாடத்த அப்படியே இங்க கொண்டு வந்து, மரச்சீனிய யாரு தேடுவா, மரவள்ளிக்கிழங்குன்னு போடுவோம்னு டைட்டில மாத்தி, கப்பைங்கறது மலையாளம்னு அத எடுத்து, கையோட தம்ப்நெயில்ல பெரியம்மை முகமும் "மரவள்ளிக்கிழங்கு மீன் குழம்பு"ன்னு பெரிய தமிழ் எழுத்தும் போட்டு, ஒரே ராத்திரில எல்லாம் முடிச்சேன். டிராஃபிக் சோர்ஸ் பாக்கவே இல்ல. ரெண்டு வாரத்துல ஒரு நாளைக்கு 35 ஆயிடுச்சு.

அப்புறம் போய்ப் பாத்தேன். அந்த வீடியோவுக்கு சர்ச் வெறும் 12 சதவீதம். சஜஸ்டட் 61 சதவீதம். அதாவது வேற வீடியோ பாத்துட்டு இருக்கறவங்களுக்குப் பக்கத்துலயோ அடுத்ததாவோ யூடியூப் நம்மதக் காட்டி அவங்க வந்திருக்காங்க. சஜஸ்டட்டை கிளிக் பண்ணா எந்த வீடியோ பக்கத்துல காட்டினாங்கன்னு லிஸ்ட் வரும். முதல் 10ல 7 மலையாள டைட்டில், எல்லாம் கப்பையும் மீன் கறியும். களியக்காவிளை தாண்டி அந்தப் பக்கத்து ஆளுங்க நம்ம வீடியோவ பாத்துட்டு இருந்திருக்காங்க, கமெண்ட்லயும் மலையாள எழுத்து இருந்துச்சு, நான்தான் கவனிக்கல. அவங்க தமிழ் டைட்டில படிச்சு வரல. மண்சட்டில சிவப்பா மீன் கறி, பக்கத்துல வாழையிலைல வெள்ளையா ஆவி பறக்கற கிழங்கு, அந்தப் படத்தப் பாத்து வந்தாங்க. அந்தப் படத்த எடுத்துட்டு அவங்களால படிக்க முடியாத எழுத்த நான் பெருசா ஒட்டி வச்சிருக்கேன்.

இது என் மாற்றத்தாலதானா, இல்ல பக்கத்து வீடியோவே ஓடறது நின்னு நமக்கும் வராம போச்சான்னு பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா சஜஸ்டட்ல ரெண்டும் நடக்கும். நான் நாள் வாரியா போட்டுப் பாத்தேன். மாத்தின முதல் 4 நாள் சஜஸ்டட் இம்ப்ரெஷன் பழைய அளவுலயே இருக்கு, கிளிக் சதவீதம் மட்டும் 6.2ல இருந்து 3.1க்கு விழுந்திருக்கு. அஞ்சாவது நாள்ல இருந்துதான் இம்ப்ரெஷன் இறங்குது. பக்கத்து வீடியோக்களும் லிஸ்ட்ல அதேதான் இருந்துச்சு, வியூஸ் மட்டும் கம்மி. அதாவது முதல்ல மக்கள் கிளிக் பண்றத நிறுத்தினாங்க, அதுக்கப்புறம் யூடியூப் காட்டறத நிறுத்துச்சு. இது என் கைதான். பக்கத்து வீடியோ ஓஞ்சிருந்தா இம்ப்ரெஷன் முதல்ல விழுந்திருக்கும், சதவீதம் பெருசா மாறாம. ஆனா படமா, டைட்டிலா, எது கெடுத்துச்சுன்னு என்னால இன்னைக்கு வரைக்கும் சொல்ல முடியாது, ஒரே ராத்திரில எல்லாத்தையும் மாத்தினா அதான் நடக்கும்.

பழைய படத்தையும் பழைய டைட்டிலையும் திரும்ப வச்சேன். நல்லவேளை பழைய படம் போன்ல இருந்துச்சு. சதவீதம் ஒரு வாரத்துல 5.8க்கு வந்துடுச்சு, ஆனா இம்ப்ரெஷன் முழுசா வரல, ஒரு நாளைக்கு 80, 90 வியூஸ்ல நிக்குது. போன 50 போனதுதான்.

சஜஸ்டட்ல ஓடற வீடியோவுக்கு டைட்டில், டிஸ்கிரிப்ஷன் திருத்தணும்னா, இருக்கறதுல கை வைக்காம சேக்கறது மேல்னு இப்ப நெனைக்கிறேன். ஸ்டூடியோவுல மொழி சேத்து, டைட்டிலையும் டிஸ்கிரிப்ஷனையும் வேற மொழில தனியா குடுக்கலாம். மார்த்தாண்டத்துல இருக்கற கூட்டுக்காரி ஒருத்தி மலையாளம் நல்லா எழுதுவா, அவ கிட்ட எழுதி வாங்கி மலையாள டைட்டில் போட்டேன். யாரோட யூடியூப் மலையாளத்துல இருக்கோ அவங்களுக்கு அது தெரியும், தமிழ்ல இருக்கறவங்களுக்கு பழசே தெரியும். எல்லாரும் மொழிய மாத்தி வச்சிருக்க மாட்டாங்க, அதனால பெரிய மாற்றம் எதிர்பாக்கல, ஆனா இது எதையும் கெடுக்காது. டிஸ்கிரிப்ஷன்ல ரெண்டாவது வரியா "தமிழ்நாட்டுல மரவள்ளிக்கிழங்கு"ன்னு ஒரு வாக்கியம் சேத்தேன், சர்ச்ல அது மெதுவா ஏறுது, டைட்டிலைத் தொடாமலே.

அதனால இப்ப ஒரு வீடியோவ தொடறதுக்கு முன்னாடி முதல்ல பாக்கறது எந்த வரி பெருசுன்னுதான். வாட்ஸாப் பெருசுன்னா இன்னும் காத்திருக்கறேன், அத கழிச்சுட்டு மிச்சத்தப் பாக்கறேன். சஜஸ்டட் பெருசுன்னா பக்கத்து வீடியோ லிஸ்ட்டப் படிச்சு, படத்துக்கும் டைட்டிலுக்கும் கை வைக்காம கட்டுப்படுத்திக்கறேன். சர்ச்தான் பெருசு, இல்ல சர்ச் ஆளுங்கதான் ரொம்ப நேரம் பாக்கறாங்கன்னா அப்பதான் வார்த்தைக்குப் போறேன். ஒரு தடவைக்கு ஒண்ணு, தேதி போட்டு. மீன் வீடியோவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை வச்சிருக்கேன், எங்க மேற்குக் கடற்கரைல ஜூன், ஜூலை ரெண்டு மாசம் விசைப்படகுத் தடைக்காலம், கிழக்குக் கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, அந்த நேரத்துல சமையல் பழக்கமே கொஞ்சம் மாறும், அதனால மே மாசத்த ஜூன் மாசத்தோட ஒப்பிட்டு டைட்டில் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்றதில்ல.

இப்ப கையில இருக்கறது நெத்தோலி அவியல் வீடியோ. சர்ச் இம்ப்ரெஷன் 1,300, கிளிக் 9 சதவீதம், லிஸ்ட்ல பூரா நெத்தோலி, ஒரு நெத்திலி கூட இல்ல. சஜஸ்டட் வெறும் 8 சதவீதம், கெடுக்க அங்க ஒண்ணும் இல்ல. பெரியம்மை கிட்ட இன்னும் சொல்லல, நாளைக்கு காலைல குளச்சல்ல மீன் வாங்கப் போறப்ப பேசணும்.